பே ஸ்லிப்பில் பிடித்தம் சரியா: ஒரு எக்செல் தாள், அது காட்டும் அறிகுறிகள், அவற்றின் காரணங்கள்

சம்பளச் சீட்டில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒழுங்கான மாதத்தில் வருவதில்லை. லீவு போட்ட மாதம், ஓ.டி. பார்த்த மாதம், இன்கிரிமென்ட் வந்த மாதம் ஆகிய மூன்றில்தான் வருகின்றன. ஆறு மாதத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவை தாமாகவே கண்ணில் படும். அதற்கான தாளை எப்படிப் போடுவது, வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவரின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். பேசிக் 13,000, இதரப் படி 2,500, வீட்டு வாடகைப் படி 4,500, மொத்தம் 20,000 ரூபாய். காலம் 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. மே மாதம் ஓ.டி. 1,800 ரூபாய். ஜூனில் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. ஆகஸ்டில் பேசிக் 2,000 ரூபாய் உயர்ந்தது.

வருமான வரிப் பிடித்தத்தை இந்தத் தாள் சரிபார்க்காது, எழுதி மட்டும் வைக்கும். அது ஆண்டு முழுவதற்கும் மதிப்பிட்டு மீதி மாதங்களுக்குப் பிரிக்கப்படும் தொகை. மாதச் சதவீதம் அல்ல. அதை இதற்குள் திணித்தால் மற்றவற்றின் தெளிவும் போய்விடும்.

## தாளைப் போடும் முறை

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும். முதலில் `Rates` என்று ஒரு தாள். அதில் `B1`-இல் 12% (பி.எஃப். வீதம்), `B2`-இல் 15000 (பி.எஃப். உச்சவரம்பு), `B3`-இல் 0.75% (இ.எஸ்.ஐ. தொழிலாளர் பங்கு). சதவீதக் குறியையும் சேர்த்தே தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டாவது தாளில் மாதத்துக்கு ஒரு வரி. முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரி ஏப்ரல்.

`A` மாதம். `B` அந்த மாதத்தின் நாட்கள். `C` சம்பளமில்லா விடுப்பு நாட்கள். `D` பி.எஃப்.புக்கு உட்பட்ட முழு மாதச் சம்பளம். நம் கணக்கில் பேசிக்கும் இதரப் படியும் சேர்ந்து 15,500. `E` வீட்டு வாடகைப் படி. `F` ஓ.டி. `G`, `H` இரண்டும் விடுப்பு போக ஈட்டியவை, `I` ஈட்டிய மொத்தம். `J` பி.எஃப். கணக்குப்படி, `K` சீட்டில் உள்ளது, `L` வித்தியாசம். `M` இ.எஸ்.ஐ.யில் இருக்கிறாரா என்பதற்கு 1 அல்லது 0. `N` இ.எஸ்.ஐ. கணக்குப்படி, `O` சீட்டில், `P` வித்தியாசம். `Q` தொழில் வரி, `R` வருமான வரி, அட்வான்ஸ், கேன்டீன் போன்ற மற்ற பிடித்தங்கள். `S` கைக்கு வரவேண்டியது, `T` வங்கியில் வந்தது, `U` வித்தியாசம்.

ஏப்ரல் வரியில் போடவேண்டிய சூத்திரங்கள்:

```
A2  =DATE(2025,4,1)
B2  =DAY(EOMONTH(A2,0))
G2  =ROUND(D2*(B2-C2)/B2,0)
H2  =ROUND(E2*(B2-C2)/B2,0)
I2  =F2+G2+H2
J2  =ROUND(MIN(G2,Rates!$B$2)*Rates!$B$1,0)
L2  =K2-J2
N2  =M2*ROUNDUP(ROUND(I2*Rates!$B$3,6),0)
P2  =O2-N2
S2  =I2-K2-O2-Q2-R2
U2  =T2-S2
```

`A3`-இல் `=EDATE(A2,1)` போட்டு அதைக் கீழே இழுங்கள். மற்ற சூத்திரங்களையும் செப்டம்பர் வரை இழுத்துவிடுங்கள். `A`, `B` பத்திகளில் விசித்திரமான எண் தெரிந்தால் அது வடிவமைப்புதான்: `A`-க்குத் தேதி வடிவமும் `B`-க்குச் சாதாரண எண் வடிவமும் கொடுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் வெவ்வேறு சூத்திரம் போட்டதற்குக் காரணம் உண்டு. பி.எஃப். அருகிலுள்ள முழு ரூபாய்க்குச் சரிசெய்யப்படும். இ.எஸ்.ஐ. பைசா இருந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏறும். உள்ளே இருக்கும் `ROUND(...,6)` ஒரு காப்பு. கணினி தசமப் பெருக்கலில் கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு பின்னத்தை விட்டுவைக்கலாம். சரியாக 150 வரவேண்டிய இடத்தில் `ROUNDUP` அதை 151 ஆக்கிவிடாமல் இது பார்த்துக்கொள்ளும்.

சீட்டில் உள்ளவற்றை நிரப்பிய பிறகு நம் எடுத்துக்காட்டில் வந்தவை இவை:

| மாதம் | ஈட்டிய மொத்தம் | பி.எஃப். கணக்கு / சீட்டு | இ.எஸ்.ஐ. கணக்கு / சீட்டு |
|---|---|---|---|
| ஏப்ரல் | 20,000 | 1,800 / 1,800 | 150 / 150 |
| மே | 21,800 | 1,800 / 1,800 | 164 / 150 |
| ஜூன் | 18,667 | 1,736 / 1,800 | 141 / 140 |
| ஜூலை | 20,000 | 1,800 / 1,800 | 150 / 150 |
| ஆகஸ்ட் | 22,000 | 1,800 / 1,800 | 165 / 0 |
| செப்டம்பர் | 22,000 | 1,800 / 1,800 | 165 / 0 |

`L`, `P` பத்திகளில் வித்தியாசம் கூட்டலாக வந்தால் உங்களிடம் அதிகம் பிடித்திருக்கிறார்கள். கழித்தலாக வந்தால் குறைவாகப் பிடித்திருக்கிறார்கள். குறைவாகப் பிடித்ததை லாபம் என்று விட்டுவிட வேண்டாம், காரணம் கீழே வரும்.

## முதலில் தாளையே சந்தேகியுங்கள்

அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போகும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

எல்லா மாதத்துக்கும் 31 நாள் காட்டுகிறது. `DATE` சூத்திரத்துக்குப் பதில் 01/04/2025, 01/05/2025 என்று கையால் தட்டியிருப்பீர்கள். தாளின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அவை ஜனவரி 4, ஜனவரி 5 ஆகிவிடும். எல்லாமே ஜனவரி என்பதால்தான் எல்லாவற்றுக்கும் 31.

இ.எஸ்.ஐ. 15,000 என்று வருகிறது. `B3`-இல் சதவீதக் குறி இல்லாமல் 0.75 மட்டும் இருக்கிறது. தாள் அதை 75 சதவீதமாக எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் சரி, மே மாத பி.எஃப். 113. சூத்திரத்தில் டாலர் குறி விடுபட்டிருக்கிறது. ஒரு வரி கீழே இழுத்ததும் `B1`, `B2` என்பவை `B2`, `B3` ஆகி, 0.75 சதவீதத்தை 15,000-ஆல் பெருக்கியிருக்கிறது. முதல் வரி மட்டும் சரியாக வந்து மற்றவை கோணலாக இருந்தால் எப்போதும் இதைத்தான் முதலில் பாருங்கள்.

`#VALUE!` வருகிறது, அல்லது கழித்தல் சரியாக வந்தும் கூட்டுத்தொகை மட்டும் 0. பி.டி.எஃப். சீட்டிலிருந்து தொகையை நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். அது எண்ணாக வராமல் எழுத்தாக வந்திருக்கிறது. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதே அடையாளம். `=ISNUMBER(K2)` போட்டால் `FALSE` வரும். ஆறு மாதத்துக்குக் கையால் தட்டிவிடுவதே எளிது. வரிகள் நிறைய இருந்தால் காலியாக உள்ள ஒரு பத்தியில் இதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(K2,CHAR(160),""),",",""))
```

## அறிகுறி: இ.எஸ்.ஐ.யில் ஒரு ரூபாய் இடிக்கிறது

ஜூன் மாதம் கணக்கு 141, சீட்டு 140. இங்கே யாரும் தவறு செய்யவில்லை. நம் தாளில் பேசிக்கையும் இதரப் படியையும் சேர்த்தே 28 நாளுக்குச் சுருக்கினோம், 14,467 வந்தது. நிறுவனத்தின் மென்பொருள் இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கியது: 12,133 மற்றும் 2,333, ஆக 14,466. மொத்தத்தில் ஒரு ரூபாய் குறைந்ததால் அங்கே இ.எஸ்.ஐ. 139.995 ஆகி 140-க்கு ஏறியது. இங்கே 140.0025 ஆகி 141-க்கு ஏறியது.

விடுப்பு மாதத்தில் மட்டும் ஒரு ரூபாய் இடித்தால் கடந்துவிடலாம். விடுப்பே இல்லாத மாதங்களிலும், எப்போதும் சீட்டில் ஒரு ரூபாய் குறைவாகவே இருந்தால் கதை வேறு. நிறுவனம் இ.எஸ்.ஐ.யை அடுத்த ரூபாய்க்கு ஏற்றாமல் அருகிலுள்ள ரூபாய்க்குச் சரிசெய்கிறது என்று பொருள். 20,300 சம்பளத்தில் 152.25 வரும், விதிப்படி 153, அப்படிச் செய்யும் சீட்டில் 152.

## அறிகுறி: லீவு போட்ட மாதத்திலும் பி.எஃப். குறையவில்லை

ஜூனில் 64 ரூபாய் கூடுதல். ஈட்டிய தொகை 14,467, உச்சவரம்புக்குக் கீழே வந்துவிட்டது. அதன் 12 சதவீதம் 1,736. நிறுவனமோ 1,800 என்பதை நிலையான தொகையாக மென்பொருளில் பதிந்து வைத்திருக்கிறது. விடுப்பு எடுத்தாலும் அது மாறாது. உங்கள் சம்பளம் 15,000-ஐ ஒட்டி இருக்கிறது என்றால் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே ஓடும்.

ஆனால் இதே அறிகுறி எல்லோருக்கும் தவறு ஆகாது. பேசிக் 20,000 வாங்குபவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் ஈட்டியது 18,667. அது இன்னும் 15,000-க்கு மேல்தான், ஆகவே 1,800 சரி. விடுப்புக்காகச் சுருங்குவது சம்பளம், உச்சவரம்பு சுருங்காது. சில இடங்களில் 15,000-ஐயும் 28/30 ஆக்கி 14,000 என்று வைத்து 1,680 பிடிப்பார்கள். அப்படியானால் உங்கள் கணக்கில் 120 ரூபாயும், அதோடு நிறுவனப் பங்கில் 120 ரூபாயும் குறைகிறது.

## அறிகுறி: எல்லா மாதமும் பி.எஃப். ஒரே அளவில் குறைவு

நம் எடுத்துக்காட்டில் இது வரவில்லை, ஆனால் பலருக்கு வருவது இதுதான். சீட்டில் 1,560 என்று இருந்தால் அது 13,000-இன் 12 சதவீதம். இதரப் படியைக் கணக்கில் சேர்க்கவில்லை. எதன்மீது பிடித்தார்கள் என்று அறிய, விடுப்பில்லாத ஒரு மாதத்தில் `=K2/12%` போட்டால் போதும். வரும் எண் உங்கள் சீட்டின் எந்த வரியோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் படிகளை வேறு பெயரிட்டு பி.எஃப்.பிலிருந்து விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப் படியும் ஓ.டி.யும் சட்டத்திலேயே விலக்கப்பட்டவை, அவை சேராது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்தின் வரையறையே மாறியிருக்கிறது. விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தோடு சேரும். ஆகவே அந்தத் தேதிக்குப் பிந்திய மாதங்களுக்கு, பி.எஃப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் எவற்றைச் சேர்க்கிறார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு `D` பத்தியை நிரப்புங்கள், `N` சூத்திரத்தில் `I2` இருக்கும் இடத்தில் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொகையை வையுங்கள்.

## அறிகுறி: இ.எஸ்.ஐ. திடீரென்று நின்றுவிட்டது

ஆகஸ்டில் சம்பளம் 22,000 ஆனது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. அதனால் சீட்டில் உடனே நிறுத்திவிட்டார்கள். தவறு இதுதான். இ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலம் என்று இரண்டு உண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். காலத்தின் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர், நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேதான். அதுவும் முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும்: 22,000-க்கு 165. சிலர் நிறுத்தாமல் 21,000-க்கு மட்டும் 158 பிடிப்பார்கள், அதுவும் சரியில்லை. அக்டோபரிலிருந்து 0 என்றால் சரி.

இதனால் தாளில் `M` பத்தியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டுமே முடிவுசெய்து ஆறு மாதத்துக்கும் ஒரே எண்ணைப் போடுங்கள். மாதாமாதம் 21,000-ஐ ஒப்பிடும் `IF` சூத்திரம் எழுதினால் உங்கள் தாளும் நிறுவனம் செய்த தவறையே செய்யும். வித்தியாசம் 0 என்று காட்டி ஏமாற்றிவிடும்.

மே மாதத்தின் 14 ரூபாய் இதன் உறவுக்காரன். அப்போதைய விதிப்படி ஓ.டி. தொகைக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கக்கூடாது. 21,800 வந்த மாதத்தில் நிறுவனம் 20,000-க்கு மட்டும் பிடித்திருக்கிறது. சிறு தொகைதான், ஆனால் நோய்க்கால உதவித்தொகை நீங்கள் பங்களித்த ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஏப்ரல்-செப்டம்பர் பங்களிப்புக்கான பலன் காலம் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. உங்களிடம் குறைவாகப் பிடித்த மாதத்தில் நிறுவனமும் தன் 3.25 சதவீதத்தைக் குறைவாகவே கட்டியிருக்கும்.

## அறிகுறி: விடுப்புக்கு வெட்டியது அதிகமாகத் தெரிகிறது

ஒரு நாள் சம்பளம் என்ன என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு வகுக்கும் எண் வைத்திருக்கிறார்கள். 20,000 சம்பளத்துக்கு 31 நாள் மாதத்தில் 645, எப்போதும் 30 என்றால் 667, 26 என்றால் 769 ரூபாய். எதை வைத்து வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்க, முழுச் சம்பளத்தை ஒரு நாளுக்கு வெட்டிய தொகையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நாளுக்கு 1,538 வெட்டியிருந்தால்:

```
=20000/(1538/2)
```

விடை ஏறக்குறைய 26. அப்படியானால் `G`, `H` சூத்திரங்களை விடுப்பு மாதத்தில் `=ROUND(D4-D4*C4/26,0)` என்ற வகையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

26 என்ற எண்ணே தவறில்லை, வாராந்திர விடுமுறைகளைக் கழித்துவிட்ட எண் அது. சனி, திங்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தவருக்கு நடுவிலுள்ள ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் வெட்டி, அதையும் 26-ஆல் வகுத்தால்தான் ஞாயிறு இரண்டு முறை கணக்கில் வருகிறது. 1,538 போகவேண்டிய இடத்தில் 2,308 போய்விடும். வெட்டிய நாட்களையும் வகுத்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

## அறிகுறி: தொழில் வரி மாதத்துக்கு மாதம் மாறுகிறது

தமிழ்நாட்டில் தொழில் வரி உள்ளாட்சிக்குப் போவது, அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500-க்கு மேல் அரசியலமைப்பே அனுமதிக்காது. ஆகவே மாத வரியைப் பார்க்காமல் ஆறு மாதக் கூட்டலை மட்டும் பாருங்கள்: `=SUM(Q2:Q7)-1250`. ஐந்து மாதம் 208, ஆறாவது மாதம் 210 என்றால் சரியாக 0 வரும். மாதாமாதம் 208 பிடித்துவிட்டு செப்டம்பரில் மறுபடி 1,250 என்று மொத்தமாகவும் பிடித்தால் அது இரட்டைப் பிடித்தம்.

டிசம்பர் சீட்டில் மட்டும் புதிதாக ஒரு சிறு தொகை தெரிந்தால் பதற வேண்டாம். அது தொழிலாளர் நல நிதி, ஆண்டுக்கு ஒருமுறை.

## அறிகுறி: சீட்டு முழுவதும் சரி, பாஸ்புக்கில் இல்லை

எனக்குக் கேட்டால் எல்லாவற்றிலும் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். `V` பத்தியில் பி.எஃப். பாஸ்புக்கில் உள்ள தொழிலாளர் பங்கை எழுதி, `W`-இல் `=V2-K2` போடுங்கள். உமங் செயலியிலேயே பாஸ்புக் கிடைக்கும். பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதனால் ஏப்ரல் தொகை மே மாதத் தேதியோடு தெரியும். எல்லா வரியும் ஒரு மாதம் தள்ளித் தெரிந்தால் வரவுத் தேதியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சம்பள மாதத்தைப் பாருங்கள்.

15,000 ஊதியத்துக்கு மூன்று எண்கள் இருக்க வேண்டும்: உங்கள் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியம் 1,250. நிறுவனப் பங்கு 550 மட்டும்தான் என்று பலர் பயந்துபோகிறார்கள். 550-ம் 1,250-ம் சேர்ந்தால்தான் நிறுவனத்தின் 1,800. இந்த ஓய்வூதியத் தொகைக்கு வட்டிக் கணக்கு தெரியாது, அதுவும் இயல்பே.

## வித்தியாசத்தை எப்படி எழுதிக் கேட்பது

தாளை அப்படியே அனுப்பினால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒரு வரியாக, எதன்மீது என்ன வீதம் என்பதோடு எழுதுங்கள்: “2025 ஜூன்: விடுப்பு 2 நாள், பி.எஃப். ஊதியம் 14,466, 12 சதவீதம் 1,736. சீட்டில் 1,800. கூடுதல் 64. 2025 ஆகஸ்ட், செப்டம்பர்: ஏப்ரலில் இ.எஸ்.ஐ.யில் இருந்ததால் பங்களிப்புக் காலம் முடியும்வரை 22,000-க்கு 165. சீட்டில் 0.” ஜூன் வரியில் அவர்களுடைய 14,466-ஐயே எழுதுங்கள், ஒரு ரூபாய்ச் சண்டைக்கு இடம் தராது.

பழைய மாதங்களில் விட்டுப்போன பி.எஃப். தொழிலாளர் பங்கை இப்போதைய சம்பளத்தில் மொத்தமாக வெட்டுகிறோம் என்று சொன்னால், பி.எஃப். திட்டத்தின் 32-ஆவது பத்தியைச் சுட்டிக்காட்டுங்கள். அந்தந்தக் காலத்தின் ஊதியத்திலிருந்து மட்டுமே பிடிக்கலாம் என்பது அதன் விதி. தற்செயலான தவறாலோ எழுத்துப்பிழையாலோ விடுபட்டது என்றால்கூட ஆய்வாளரின் எழுத்து அனுமதி வேண்டும்.